கடைசிப் பதினைந்து நிமிடம்

பிப்ரவரி பிறந்துவிட்டால் போதும், அந்தமானில் பத்தாம் வகுப்புப் பிள்ளை யார் கண்ணில் பட்டாலும் சித்தப்பாவிலிருந்து மளிகைக்கடைக்காரர் வரை நாமெல்லாம் சொல்வது ஒன்றுதான்: “கடைசிப் பதினஞ்சு நிமிஷம் சரிபார்க்க வச்சுக்கப்பா.” இந்த வாரம் யாரோ இந்த அறிவுரையை வழவழத் தாளில் அச்சடித்தே கொடுத்துவிட்டார்கள். அந்த நிமிடங்கள் எங்கிருந்து வரும் என்று மட்டும் அதில் ஒரு வரி இல்லை. சி.பி.எஸ்.இ. கணிதத் தாளையே எடுத்துக்கொள்வோம். 80 மதிப்பெண், 38 கேள்வி, 10:30 முதல் 1:30 வரை. மதிப்பெண்ணுக்கு 2 நிமிடம் வைத்தால் 20 நிமிடம் மிஞ்சும் என்பார்கள். ஆனால் ஒரு மதிப்பெண் கேள்விகள் இருபதுக்கும் சேர்த்து அரை மணி போதும். ஐந்து மதிப்பெண் கணக்கோ ஒவ்வொன்றும் 12 நிமிடம் விழுங்கும். அதனால் முதல் பிரிவு 11:00-க்கும், இரண்டு, மூன்று மதிப்பெண் கேள்விகள் 11:56-க்கும், ஐந்து மதிப்பெண் நான்கும் 12:44-க்கும், கடைசிப் பிரிவு 1:08-க்கும் முடிய வேண்டும். மிச்சம் 22 நிமிடம். நம் தீவில் சூரியன் இந்திய நேரத்தைவிடச் சுமார் 40 நிமிடம் முந்தி ஓடுவதால், கடிகாரம் 1:08 காட்டும்போது வயிற்றுக்கு மணி இரண்டை நெருங்கியிருக்கும் என்பதையும் யாரும் அச்சடிப்பதில்லை.

சரி, 22 நிமிடம் கிடைத்தே விட்டது. என்ன செய்கிறோம்? முதல் பக்கத்திலிருந்து புரட்டுகிறோம். கையெழுத்து நன்றாக இருப்பதாகத் திருப்திப்படுகிறோம். விடைக்கு அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போடுகிறோம். கோடு கோணலானால் அதன் மேலே இன்னொன்று. பிறகு கேள்வி எண்ணைச் சுற்றிப் பெட்டி. பெட்டி போட்ட எண்ணுக்கும் போடாத எண்ணுக்கும் பேதம் தெரிகிறதே என்று எல்லாவற்றுக்கும் பெட்டி. அப்புறம் பக்கங்களை எண்ணுகிறோம். முன்னால் இருப்பவன் எத்தனை பக்கம் எழுதியிருப்பான் என்று எட்டிப் பார்க்கிறோம். கடைசியாக எவ்வளவு வரும் என்று மனதுக்குள் கூட்டி, 74-இல் நிறுத்தி, கருணையோடு 76 ஆக்கிக்கொள்கிறோம். இதற்குப் பெயர் சரிபார்த்தல்.

“வாசித்துப் பார்த்தால் பிழை தெரியுமே” என்பீர்கள். தெரியாது. எழுதியவன் கண்ணுக்கு, எழுத நினைத்ததுதான் தெரியும். விடையைக் கேள்விக்குள் திருப்பிப் போட்டால்தான் உண்மை வெளிவரும்: x² − 3x − 10 = 0-க்கு 5 என்று வந்ததா, 25 − 15 − 10 என்று போட்டுப் பாருங்கள், பத்து விநாடிக்கு மேல் ஆகாது. ஆனால் அதற்கும் முன்பு காலி இடங்களைப் பார்க்க வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லாத தாளில் ஒரு மதிப்பெண் கேள்வியைக் காலியாக விடுவது வீண் பெருந்தன்மை. கணக்கில் படிகளுக்கும் மதிப்பெண் உண்டு. பாதி போட்டதற்கு ஏதாவது தேறும், வெற்றிடத்துக்குப் பூஜ்யம்தான். ஆகவே ஒரு மூன்று மதிப்பெண் கணக்கு பத்து நிமிடம் தாண்டியும் அசிங்கமான பின்னமாகவே நின்றால், இடம் விட்டு, ஓரத்தில் பென்சில் புள்ளி வைத்து நகர்வதே மேல். அந்தப் புள்ளிகளுக்குத்தான் அந்த 22 நிமிடம்.

“வேகமாக எழுதினால் இந்தக் கணக்கெல்லாம் எதற்கு?” என்று ஒரு கட்சி இருக்கிறது. வேகமாக எழுதும் கை இரண்டாம் வரியின் 6-ஐ மூன்றாம் வரியில் 0 ஆக்கிவிடும். மிச்சம் பிடித்த நேரமெல்லாம் அந்த 6 எங்கே போனது என்று தேடவே சரியாகப் போகும்.