சராசரியின் கருணை

ஜோகூர் பாருவின் பழைய அடுக்குமாடிகளைப் பார்த்து நிலையாய்வு அறிக்கை எழுதும் சிலருடைய இளகிய மனத்தை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். குடியிருப்பவர் தூக்கம் கெடக்கூடாது என்பதில் அவர்களுக்கு அத்தனை அக்கறை.

1993 டிசம்பர் 11இல் சிலாங்கூரின் ஹைலண்ட் டவர்ஸில் ஒரு கட்டடம் சாய்ந்து 48 பேர் மாண்டனர். அதன் பிறகுதான் 5 மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களை 10 ஆண்டுக்கொரு முறை பொறியாளர் சோதிக்க வழிசெய்யும் 85ஏ பிரிவு சட்டத்தில் ஏறியது. அவ்வளவு பெரிய துக்கத்தை மறக்கச் செய்வது எளிய காரியமா? ஆனாலும் செய்துவிடுகிறார்கள்.

மலேசிய சர்வேயர்கள் பயன்படுத்தும் சிஎஸ்பி1 முறையில் ஒவ்வொரு பழுதுக்கும் இரண்டு எண்கள் உண்டு. நிலைமைக்கு 1 முதல் 5, அவசரத்துக்கு 1 முதல் 4. இரண்டையும் பெருக்கினால் மதிப்பெண். 4 வரை பச்சை, 12 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. எல்லாவற்றையும் கூட்டிப் பழுதுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கட்டடத்தின் மொத்த நிலை வந்துவிடும்.

60 பழுதுகள் எழுதிய ஓர் அறிக்கையை எடுத்துக்கொள்வோம். அதில் 57 பழுதுகள் சாயம் உரிந்தவை, தலா 2. மீதி 3 பால்கனித் தளங்கள்: கம்பி துருப்பிடித்து வீங்கி, அடிக்காங்கிரீட் பெயர்ந்து தொங்குகிறது, தலா 20. கூட்டினால் 174, சராசரி 2.9. கட்டடம் பச்சை! உரிந்த சாயத்தை இன்னும் பத்து இடத்தில் எழுதிச் சேர்த்தால் கட்டடம் இன்னும் நலமாகிவிடும். முதல் பக்கச் சுருக்கத்தில் ‘நல்ல நிலை’ என்று பளிச்சிட, அந்த மூன்று பால்கனிகளும் பின்னால் அட்டவணைக்குள் அடக்கமாக இருக்கும்.

காரணம் எழுதும் பகுதியில் இவர்களுக்குள்ள சொற்சிக்கனம் அபூர்வம். ‘கட்டடத்தின் வயது’ என்ற இரண்டே சொல்லில் முடித்துவிடுவார்கள். பால்கனி ஓரத்தில் புதிதாக உடைத்த காங்கிரீட்டின்மேல் பீனால்ப்தலீன் தெளித்துப் பார்க்கும் சிரமமெல்லாம் இல்லை. காரத்தன்மை மிஞ்சியிருந்தால் அது இளஞ்சிவப்பாகும்; காற்றின் கரியமிலவாயு உள்ளே போய்க் காரம் குறைந்த இடம் நிறமில்லாமல் நிற்கும். கம்பிக்கு மேல் 20 மில்லிமீட்டர் மூடல் இருந்து, 18 மில்லிமீட்டர் வரை நிறமே வரவில்லை என்றால் கம்பியின் காவல் போகும் தறுவாயில் இருக்கிறது. கம்பியை ஒட்டி நல்ல நிறம் வந்தும் துரு இருந்தால், மேல்வீட்டுக் குளியலறைக் கசிவையோ கடலோர உப்பையோ தேட வேண்டும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. அந்தக் குழப்பம் நமக்கு வேண்டாமென்றே, மேலே பூசிச் சாயமடிக்கப் பரிந்துரைத்துவிடுகிறார்கள்.

புகைப்படங்களும் அப்படியே. விரிசல் எந்த மாடி, எந்தத் தூண் என்று காட்டுவதில்லை; பக்கத்தில் அளவுகோல் வைப்பதில்லை. அடுத்த முறை வருபவர் அது வளர்ந்ததா என்று ஒப்பிட்டு மனம் நொந்துபோக வழியே இல்லை.

எல்லாவற்றையும்விட நான் வணங்குவது அவர்களுடைய நேர்மையை. பூட்டியிருந்த வீடுகளுக்குள் போகவில்லை, பொய்க்கூரைக்கு மேலே பார்க்கவில்லை என்று மறைக்காமல் எழுதிவிடுகிறார்கள், கடைசிப் பக்கத்தில், பின்னிணைப்புக்கும் பின்னால்.