தெருவுக்கொரு லோன் மாமா

கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓட்டுவது, ரொக்கம் கொடுத்து வாங்கிய பழைய மொபெட். கடனே வாங்காத அந்த மனிதரிடம்தான் தெருவே கடன் வாங்க யோசனை கேட்கும். எதிர்வீட்டுப் பையன் ஸ்கூட்டர் எடுக்கப்போகிறான், ஆன்லைனில் விண்ணப்பிக்கிறான் என்று காதில் விழுந்தால் போதும். கண்ணாடிக்கூடும் சிவப்புப் பேனாவுமாக வந்து உட்கார்ந்துவிடுவார்.

முதலில் ஷோரூம் கொடுத்த கொட்டேஷன். மொத்தம் 1,13,500 என்று கடைசி வரியைப் பார்த்துவிட்டுப் பையன் மடிக்கப் போவான். மாமா மேலிருந்து ஒவ்வொரு வரியாக இறங்குவார். எக்ஸ்-ஷோரூம் விலை 88,000. சரி. சாலை வரி 8,800. லட்சத்துக்குள் இருக்கிற வண்டிக்கு நம்மூரில் பத்து சதவீதம், அதுவும் சரி. இன்சூரன்ஸ் 7,200. "புது வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு அஞ்சு வருஷத்துக்குச் சேர்த்துத்தான் எடுக்கணும், அதனாலதான் இவ்வளவு" என்று ஷோரூம்காரர் சார்பாக வாதாடுவார். பதிவுக் கட்டணம், சீட் கவர், கிராஷ் கார்டு எல்லாமாக 6,000 என்ற இடத்தில் லேசாக முகம் சுளிப்பார். அடுத்து வரும் "ஹேண்ட்லிங் சார்ஜ் 3,500" வரியில் சிவப்புப் பேனா திறக்கும்.

"வண்டியை யாருடா தம்பி ஹேண்டில் பண்ணாங்க? நீதானே ஓட்டிட்டு வரப்போறே?"

பையன் திரும்பப் போய் 1,10,000 என்று புதுக் கொட்டேஷன் வாங்கி வந்த பிறகுதான் மாமா மொபைலைத் தொடவே அனுமதிப்பார்.

விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே சண்டை. ஆதாரில் பெயருக்கு முன்னால் இனிஷியல் மட்டும் இருக்கும். பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக நீண்டு கிடக்கும். பொருந்தவில்லை என்று திரை சிவக்கும். சரிசெய்து தொடர்ந்தால், ஓ.டி.பி. போவதோ ஆதாரோடு இணைத்த அம்மாவின் பழைய எண்ணுக்கு. அந்த போன் சமையலறையில் அரிசி டப்பா மேல் இருக்கும். எடுத்து வருவதற்குள் நேரம் முடிந்துபோகும்.

மாமாவின் உண்மையான மேடை, தவணைக் காலம் தேர்ந்தெடுக்கிற பக்கம்தான். முன்பணம் 20,000 போக 90,000 கடன், வட்டி 'ஃபிளாட்' பத்து சதவீதம் என்கிறது திரை. பையனின் விரல் 48 மாதத்துக்குத் தானாக நகரும், மாதம் 2,625 என்று வருமே! மாமா அந்த விரலைப் பிடித்துக்கொள்வார்.

"நாலு வருஷத்துக்கு வட்டி மட்டும் 36,000. ரெண்டு வருஷம்னா 18,000தான்."

"ஆனா ரெண்டு வருஷம்னா மாசம் 4,500 மாமா."

"36 போட்டா 3,250. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. ஃபிளாட்னா, நீ பாதி அடைச்ச பிறகும் முழு 90,000த்துக்கும் வட்டி ஓடும். குறையுற பாக்கிக்கு மட்டும் வட்டின்னு கணக்குப் போட்டா, இந்தப் பத்து ஏறக்குறைய பதினெட்டு."

சொல்லிவிட்டு அவர் சுற்றும் பார்க்கிற பார்வை இருக்கிறதே, இந்தக் கணக்கையே அவர்தான் கண்டுபிடித்தார் என்று தோன்றும். 2024 அக்டோபரிலிருந்து கடன் தருகிறவர்கள் கட்டணங்களையும் சேர்த்த வருட வட்டியை முக்கிய விவர அறிக்கை என்ற தாளில் காட்டியாக வேண்டும். மாமா அதைக் கேட்டு வாங்கி, பிராசசிங் கட்டணத்தை மட்டும் மூன்று முறை படிப்பார். ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருக்கும் கடன் பாதுகாப்புக் காப்பீட்டுப் பெட்டியைக் கண்டால் டிக்கை எடுத்துவிடுவார். கட்டாயமில்லாத பெட்டிகளில் அவருக்கு ஜன்மப் பகை.

பையன் 48 என்பான், மாமா 24 என்பார். இழுபறியில் ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். காபி டம்ளரை எடுக்க வந்த அம்மா நின்று, "சீட்டு எடுத்த பணம் 20,000 இருக்கு. முன்பணத்தோட சேத்துக்கலாமே?" என்றார்.

கூடம் அமைதியானது. 70,000 கடன், இரண்டு வருஷம், மாதம் 3,500. பையனால் கட்ட முடிகிற தொகை, மாமா கேட்ட காலம். இதை மாமா தன் கணக்கில் சேர்க்கவே இல்லை. லேசாகத் தொண்டையைச் செருமி, "நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றார்.

முன்பணத்தை மாற்ற முந்தைய பக்கத்துக்குப் போனால், நேரம் முடிந்துவிட்டது, மறுபடி பான் எண்ணிலிருந்து ஆரம்பிக்கவும் என்றது திரை. பையன் தலையில் கை வைத்துக்கொண்டான். மாமா நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அம்மா போனை இந்தத் தடவை இங்கேயே எடுத்துட்டு வா" என்றார்.