குறைந்தபட்சக் கட்டணம்

1987-இல் திருச்சியில் எங்கள் பிரிவில் பதினோரு பேர். அதில் ஒருவருடைய அப்பா கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் தவறிப்போனார். செய்தி வந்ததும் அவர் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். மீதிப் பத்துப் பேரும் சூப்பிரண்டு மேஜையைச் சுற்றி நின்று அனுதாபத் தந்தி எழுதினோம்.

ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில். நான் எழுதிய வாசகம் ‘ஹார்ட்ஃபெல்ட் கண்டோலன்சஸ்’ என்று ஆரம்பித்தது. சூப்பிரண்டு பயணப்படி பில்லைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார். “கண்டோலன்ஸ்னாலே மனசுலேருந்து வர்றதுதானே, ஹார்ட்ஃபெல்ட் எதுக்கு?” அது போயிற்று. கீழே பத்துப் பெயர் இருந்தது. “ஸ்டாஃப்னு போடு, எல்லாரும் அடக்கம்.” அதுவும் போயிற்று. கடைசியில் நின்றது இரண்டே வார்த்தை. வார்த்தைக்கு இத்தனை காசு என்றிருந்த காலத்தில் சோகத்தைக்கூடத் தணிக்கை செய்துதான் அனுப்ப வேண்டியிருந்தது.

தந்தி ஆபீஸ் கவுன்டரில் இருந்தவர் படிவத்தைப் பென்சில் முனையால் தட்டி எண்ணினார். “குறைந்தபட்சக் கட்டணம் எப்படியும் கட்டணும் சார். அதே காசுக்கு இன்னும் நாலு வார்த்தை போட்டுக்கலாம்” என்றார். ஓசியில் நாலு வார்த்தை. வரிசையில் பின்னால் ஆள் நிற்க, நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தேன். அவருடைய அப்பாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மாதம் ஒரு தடவை மஞ்சள் பையில் கருப்பட்டி கொண்டுவந்து மகனிடம் கொடுத்துவிட்டு, ஆபீஸுக்குள் நுழையாமல் வேப்பமரத்தடியிலேயே நின்று திரும்பிப் போய்விடுவார். அதைத் தந்தியில் எழுதுவார்களா? மூடி வைத்துவிட்டு ‘ஹார்ட்ஃபெல்ட்’டை மட்டும் திரும்பச் சேர்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் இன்னொருவரும் கேதம் கேட்கப் போனோம். தந்தி நாங்கள் போனதற்கு முந்தின நாள்தான் போய்ச் சேர்ந்திருந்தது. அந்த ஊரில் தந்தி என்றாலே சாவுதான். தந்திக்காரர் சைக்கிளை விட்டு இறங்கியதைப் பார்த்ததும், பம்பாயில் இருக்கும் மருமகனுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்களாம். படிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிக் கூட்டி வந்து, இது திருச்சி ஆபீஸின் அனுதாபம் என்று தெரிவதற்குள் அரைமணி நேரம்.

நாங்கள் திண்ணையில் உட்கார்ந்தோம். ஒன்றும் பேசவில்லை. பேச வேண்டியதும் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து, துக்க வீட்டு வழக்கப்படி, போய் வருகிறோம் என்று சொல்லாமல் எழுந்து வந்தோம். ஆள் போனால் வார்த்தை வேண்டாம். போக முடியாதவர்களுக்குத்தான் தந்தி. அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

2013 ஜூலையில் தந்தியை மூடிவிட்டார்கள். கட்டணமும் போயிற்று, குறைந்தபட்சமும் போயிற்று.

நான் ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது, ஒரு காலை ஒன்பதேகாலுக்குப் பிரிவின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. பக்கத்து மேஜைக்காரரின் அம்மா காலமாகிவிட்டார். செய்திக்குச் சற்று மேலே வேறொருவரின் பிறந்தநாள் கேக் இன்னும் இனித்துக்கொண்டிருந்தது. பத்து நிமிஷத்தில் கூப்பிய கைகளும் RIP-யும் இருபதைத் தாண்டின. முதலில் ஒருவர் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்றால் அடுத்த ஏழு பேருக்கும் அதே ஆழம். வார்த்தை இலவசமான பிறகு மூன்று எழுத்தில் முடிக்கிறார்களே, எங்கள் சூப்பிரண்டு இருந்தால் உச்சி குளிர்ந்திருப்பார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

சிரித்த கையோடு நானும் ஒன்று போட்டேன். போன மாதம் வேறொருவருக்கு எழுதியது கைவசம் இருந்தது. நல்ல தமிழ், ஒற்றுப்பிழை கிடையாது. நகலெடுத்து ஒட்டி அனுப்பிய பிறகுதான் படித்தேன்: ‘அன்புத் தந்தையாரை இழந்து வாடும் தங்களுக்கு…’ அவருடைய அப்பா திடகாத்திரமாக இருக்கிறார். உடனே அழித்தேன். செய்தி அழிக்கப்பட்டது என்ற வரி மட்டும், துடைத்த சுவரில் தெரியும் எண்ணெய்க் கறைபோல அங்கேயே நின்றது.

பிறகு அவருக்குத் தனியாக எழுத உட்கார்ந்தேன். ‘அதிர்ச்சியடைந்தேன்’ என்று விரல் தானாகப் போட்டது. அம்மாவுக்கு எண்பத்தாறு வயது, மூன்று வருஷமாகப் படுக்கை. எனக்கு என்ன அதிர்ச்சி? எடுத்துவிட்டேன். ‘எப்படி ஆச்சு?’ என்று கேட்டால், காலையிலிருந்து நாற்பது பேருக்குச் சொன்னதை அவர் எனக்காக இன்னொரு தடவை தட்டச்சு செய்ய வேண்டும். ‘கல்யாணச் சாவு’ என்று அவர்கள் வீட்டில் சொல்லிக்கொள்ளலாம்; நான் சொன்னால் கிழவி போனது நல்லதுதான் என்றாகிவிடும். ‘இறைவனடி சேர்ந்தார்’ எனலாமா? வீட்டு வாசலில் பெரியார் படம் மாட்டியிருந்ததாக ஞாபகம். ‘தவறிட்டாங்க’ என்ற சொல் ஒன்றுதான் எந்தச் சாமி வீட்டிலும், சாமி இல்லாத வீட்டிலும் செல்லுபடியாகும். ‘ஏதாவது தேவைன்னா சொல்லுங்க’ என்று முடிக்க இருந்தேன். பந்தலுக்கும் ஐஸ் பெட்டிக்கும் ஓடுகிறவர், எனக்கு என்ன வேலை கொடுக்கலாம் என்றா யோசித்துக்கொண்டிருப்பார்? அதற்குப் பதிலாக அவர் மேஜையில் கிடந்த கோப்பை எடுத்து வந்து என் மேஜையில் வைத்தேன்.

கடைசியில் போனது இது: ‘அம்மா தவறிட்டாங்கன்னு தெரிஞ்சுது. அஞ்சு வருஷம் முன்னால உங்க வீட்டுக்கு வந்தப்ப எனக்குச் சர்க்கரைன்னு பேச்சுல காதுல விழுந்து, குடிச்சிட்டிருந்த காபியை என் கையிலிருந்து வாங்கிட்டு உள்ளே போய் வேற போட்டுட்டு வந்தாங்க. ட்ரெஷரி ரீகன்சிலேஷன் நான் பார்த்துக்கறேன், காரியம் முடியற வரைக்கும் அதை நினைக்காதீங்க. பதில் வேண்டாம். சாயங்காலம் வர்றேன்.’

தட்டச்சு செய்ய இரண்டு நிமிஷம். யோசிக்க இருபது நிமிஷம். அனுப்பிய பிறகு கருப்பட்டிப் பையோடு வேப்பமரத்தடியில் நின்ற மனிதர் ஞாபகத்துக்கு வந்தார். நாலு வார்த்தைக்குத் தாராளமாக அடங்கியிருப்பார்.

சாயங்காலம் போனேன். கூட்டத்தில் அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்ததோடு சரி. பதினாறாம் நாள் கழித்து மொட்டைத் தலையோடு வேலைக்கு வந்தார். ரீகன்சிலேஷன் கோப்பை வாங்கிப் புரட்டினார், ஒரு சலானில் என் கூட்டல் தப்பு என்று கண்டுபிடித்தார். என் தனிச் செய்தியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பதில் வேண்டாம் என்று எழுதியது நான்தான் என்றாலும், மனசு லேசாக எதிர்பார்க்கத்தான் செய்தது.

மதியம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே கேட்டார். “குரூப்ல என்னமோ போட்டு அழிச்சீங்களே சார்?”

“ஒண்ணுமில்ல, எழுத்துப்பிழை.”

“அப்ப என் போன் அப்பா கையில இருந்துது சார். அழிக்கறதுக்குள்ள படிச்சிட்டார்.” அவர் சோற்றைப் பிசைந்தபடி என்னைப் பார்க்காமல் சொன்னார். “காலைலேருந்து ஒரு பேச்சு இல்லாம உட்கார்ந்திருந்தவர், ‘ஏண்டா, ஒங்க ஆபீஸ்ல ஒரே செலவுல என்னையும் சேர்த்து முடிச்சிட்டாங்களா’ன்னார். அன்னிக்கு முழுக்க எங்க வீட்ல சிரிச்சது அது ஒண்ணுக்குத்தான்.”