வெண்கலத்துக்கு விளக்கவுரை

சுயவிபரக் கோவையில் ‘மாகாண மட்டம், வலைப்பந்து, மூன்றாமிடம்’ என்று மட்டும் எழுதி மட்டக்களப்பு நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பினால், கணக்குத் தெரிந்த முகாமையாளர் முதலில் விரல் விட்டு எண்ணுவார். கிழக்கு மாகாணத்தில் இருப்பதே மூன்று மாவட்டங்கள், அதில் மூன்றாமிடமா? அவர்மேல் பிழையில்லை. பாடசாலைப் போட்டியென்றால் களம் மாவட்டங்கள் அல்ல, மாகாணத்தின் 17 கல்வி வலயங்கள் என்பதை எழுதாதவர்தான் பொறுப்பு. வலயத்தில் வென்று, மாகாணத்தில் எத்தனை அணிகளுள் அந்த இடம் வந்தது என்று ஒரு வரி சேர்த்தால் வெண்கலத்தின் நிறமே மாறிவிடும். ‘கடின உழைப்பாளி’ என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள், உழைக்காதவர்கள் இன்னும் அழகாக. அதற்குப் பதிலாக, வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மணிக்குப் பயிற்சி, அது எத்தனை வருடம் நீடித்தது, அதே காலத்தில் உயர்தரப் பரீட்சையில் என்ன பெறுபேறு என்று எழுதலாம்.

வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்துக்கு இந்த விளக்கவுரை தேவைப்பட்டதா என்று கேட்கலாம். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், வங்கியொன்றில் வேலை பார்த்தவர், 2018இல் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை அணியில் விளையாடியவர். ஆனால் அந்த வங்கிக்குச் சொந்தமாக வலைப்பந்து அணியே இருந்தது. பதக்கத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் உள்ளேயே இருந்தார்கள். திருமலை வீதி இரும்புக்கடைக்கு அணி கிடையாது. அங்கே எழக்கூடிய நியாயமான ஆட்சேபம் ஒன்றுதான்: “போட்டி, போட்டியென்று லீவு கேட்பீரோ?” அதற்கும் கோவையிலேயே, இனி ஆடப்போகும் போட்டிகளின் மாதங்களோடு, பதில் எழுதிவிடலாம்.