வெறும் 'ஹாய்'க்கு என்ன பதில்?

கேள்வி: வீட்டில் ஊறுகாய் போட்டு வாட்ஸ்ஆப் பிசினஸில் விற்கிறேன். தெரியாத எண்ணிலிருந்து வெறும் 'ஹாய்' வந்தால் என்ன பதில் போடுவது?
- வாசகி, ஈரோடு

பதில்: 'யாருங்க நீங்க?' என்று மட்டும் கேட்காதீர்கள். கடைக்கு வந்தவரிடம் ரேஷன் கார்டு கேட்ட மாதிரி இருக்கும். 'வணக்கம். மாங்காய், பூண்டு, நார்த்தங்காய் இருக்கு. எது வேணும், எந்த ஊருக்கு அனுப்பணும்?' போதும். ஒற்றை வார்த்தைக்காரரும் 'பூண்டு' என்று சொல்லிவிடுவார். இதையே வாழ்த்துச் செய்தியாக அமைத்துவிட்டால், முதன்முறை வருபவருக்கும் 14 நாள் மௌனத்துக்குப் பின் வருபவருக்கும் தானாகவே போகும். அதற்கும் 'ஹாய்'தான் பதிலென்றால் விட்டுவிடுங்கள். 'உங்களுக்குத் தவறி வந்த 6 இலக்க எண்ணை அனுப்புங்க' என்றால் உடனே பிளாக். அவருக்கு வேண்டியது ஊறுகாய் அல்ல, உங்கள் கணக்கு!