இறால் மருந்தாகும் விதம்

கேள்வி: இறால் ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை. CSV கோப்பை எக்செல்லில் திறந்தால் எண்களின் முன்னால் இருக்கும் பூஜ்யம் காணாமல் போகிறது. கட்டத்தை Text என மாற்றியும் திரும்பவில்லையே?
– வாசகர், ராயபுரம்

பதில்: திரும்பாது. இரட்டை க்ளிக் செய்த நொடியிலேயே எக்செல் அதை எண்ணாகப் படித்து, மதிப்பில்லாத பூஜ்யத்தை விட்டுவிட்டது. பிறகு Text ஆக்கினால் மிச்சம் இருப்பதுதான் எழுத்தாகும். மூலக் கோப்பை நோட்பேடில் பாருங்கள், பூஜ்யம் பத்திரமாக இருக்கும். எக்செல்லில் சேமித்துவிட்டால் மட்டும் அங்கேயும் போய்விடும்.

உங்கள் தொழிலில் இது விபரீதம். உறைய வைத்த இறாலின் சுங்கக் குறியீடு 030617 என்று தொடங்கும். முதல் இரண்டு இலக்கமான 03, மீன் வகைகளின் அத்தியாயம். பூஜ்யம் விழுந்தால் எட்டு இலக்கம் ஏழாகி, தொடக்கம் 30 ஆகிவிடும். அது மருந்துகளின் அத்தியாயம்! காசிமேட்டு இறால் மாத்திரை ஆகிவிடும்.

திறக்கும்போது Data பட்டியில் From Text/CSV வழியாகப் போய், Transform Data அழுத்தி, அந்தப் பத்தியை Text ஆக்கி, கேட்கும்போது Replace current கொடுத்துவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். ஏற்கெனவே விழுந்ததை மீட்க:

```
=TEXT(A2,"00000000")
```

எல்லாக் குறியீடும் எட்டு இலக்கமாக இருந்தால்தான் இது செல்லும். தொலைபேசி எண்ணில் இன்னும் கவனம் வேண்டும். 044 சேர்ந்த 11 இலக்க எண் பூஜ்யம் போனதும் பத்தாகி, செல்பேசி எண் போலவே நிற்கும். 44 என்று தொடங்கினால் சந்தேகப்படுங்கள். நம் நாட்டுச் செல்பேசி எண்கள் 6 முதல் 9 வரையிலான இலக்கத்தில்தான் தொடங்கும்.