65 வாட் சத்தியம்

எழுதுகிறவன் என்று பெயர் எடுத்துவிட்டால் சொந்தக்காரர்கள் கொடுக்கும் வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் காதுகுத்து அழைப்பிதழ் வரும். அடுத்து கண்ணீர் அஞ்சலி போஸ்டர். அதற்கப்புறம் வீட்டுவரி பெயர் மாற்றத்துக்கு மனு. இதையெல்லாம் தாண்டி, சார்ஜர் கேபிளுக்கு நாலு வரி எழுதித் தரச் சொன்ன முதல் ஆள் என் மைத்துனன்தான்.

நெல்லை ஜங்ஷன் பக்கம் அவனுக்கு ஒரு செல்போன் உதிரிபாகக் கடை. ஆள் உள்ளே போனால் சரக்கு வெளியே வர வேண்டும், அவ்வளவு பெரிய கடை. இப்போது இணையத்திலும் விற்கிறான். புதிதாக வந்த கேபிளின் பெட்டியில் ‘அல்ட்ரா சூப்பர் ஃபாஸ்ட், 65 வாட், எல்லா போனுக்கும்’ என்று அச்சடித்திருந்தது. அதை அப்படியே விவரத்தில் போட்டான். கேபிள் வேகமாக விற்றது. விற்ற வேகத்தில் திரும்பியும் வந்தது. ‘வேகமா ஏறல’ என்பதுதான் எல்லோரும் எழுதிய காரணம். திரும்பி வரும் கூரியர் செலவு அவன் தலையில்.

“அத்தான், பொய்யும் இருக்கக்கூடாது, விக்கவும் செய்யணும். நல்லா எடுப்பா எழுதிக் குடுங்க” என்றான். அந்த இரண்டையும் சேர்த்துச் செய்யத் தெரிந்திருந்தால் நான் எப்போதோ சினிமாவுக்குப் பாட்டு எழுதப் போயிருப்பேன்.

நீளத்திலிருந்து ஆரம்பித்தோம். பெட்டி 2 மீட்டர் என்றது. டேப்பை வைத்து இழுத்துப் பிடித்தால், இரண்டு பக்கத்துப் பின்னையும் சேர்த்தே 2 மீட்டருக்கு நாலு விரல் குறைந்தது. “அது பேக்கிங்ல சுருங்கியிருக்கும்” என்றான் மைத்துனன். செம்பு பேக்கிங்கில் சுருங்குவதில்லை என்று சொல்லி, ‘பின்னோடு சேர்த்து ஏறத்தாழ 1.9 மீட்டர்’ என்று எழுதினேன். அவன் முகம் சுருங்கியது.

நம் ஊர் வீடுகளில் நீளத்துக்குத் தனி மரியாதை உண்டு. எலக்ட்ரீஷியன் பிளக் பாயிண்டை நெஞ்சு உயரத்தில் ஸ்விட்ச் போர்டோடு சேர்த்து வைத்துவிட்டுப் போவார். கட்டில் எதிர்ச்சுவர் ஓரம் கிடக்கும். 1 மீட்டர் கேபிள் வாங்கியவர் நின்றுகொண்டுதான் சீரியல் பார்க்க வேண்டும். ஆகவே எல்லோரும் நீளமாகக் கேட்கிறார்கள். ஆனால் நீளம் இலவசமாக வருவதில்லை என்பதை எந்தப் பெட்டியும் சொல்வதில்லை.

மின்சாரம் கேபிளில் போகவும் வேண்டும், வரவும் வேண்டும். 2 மீட்டர் கேபிள் என்றால் 4 மீட்டர் கம்பி. மலிவான கேபிளில் இருக்கும் 28 கேஜ் மெல்லிய கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம் மின்தடை. 4 மீட்டருக்கு 0.85 ஓம். அதில் 2 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 1.7 வோல்ட் போய்விடும். அடாப்டர் 5 வோல்ட் கொடுத்தால் போனின் வாசலுக்கு வந்து சேர்வது 3.3. அதை வைத்துக்கொண்டு ஒழுங்காக ஏற்ற முடியாது. அதனால் போன் தானாகவே ஆம்பியரைக் குறைத்துக்கொள்ளும். டைப்-சி விதிப்படி முழு மின்னோட்டத்தில் போக வரச் சேர்த்து 0.75 வோல்ட்டுக்கு மேல் கேபிள் தின்னக்கூடாது. 2 மீட்டரில் 3 ஆம்பியரை அந்த வரம்புக்குள் கொண்டுபோக 22 கேஜ் தடிமனாவது வேண்டும். கேபிள் விறைப்பாக இருக்கிறது என்று சலித்துக்கொள்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். மேலே போட்டிருக்கும் நைலான் பின்னலைப் பார்த்துத் தடிமன் என்று ஏமாறவும் வேண்டாம். அது சட்டை, கம்பி உள்ளே இருக்கிறது.

இதையெல்லாம் உற்சாகமாக எழுதிக் காட்டினேன். “அத்தான், இத்தனை ஓம் போட்டா பக்தி கேபிள்னு நினைச்சிருவாங்க” என்று அடித்துவிட்டான்.

அடுத்தது பின். கடைக்கு வருகிறவர்கள் “சி பின் குடுங்க” என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். கேபிளுக்கு மறுமுனை என்று ஒன்று இருப்பது வீட்டுக்குப் போனபிறகுதான் ஞாபகம் வரும். மறுமுனை பழைய அகலமான டைப்-ஏ என்றால், 20 வோல்ட் கேட்கும் லேப்டாப்புக்கு அது பொதுவாகப் பயன்படாது. அடாப்டரும் கருவியும் பேசி வோல்ட்டை உயர்த்திக்கொள்ளும் பவர் டெலிவரி என்ற முறைக்கு இரு முனையும் டைப்-சியாக இருக்க வேண்டும். எங்கள் கேபிள் சி-யிலிருந்து சி. எழுதினேன். இதில் சண்டை இல்லை.

சண்டை வாட்டில் வந்தது.

65 வாட் என்பது 20 வோல்ட்டை 3.25 ஆம்பியரால் பெருக்கினால் வருவது. சாதாரண சி-சி கேபிளுக்கு விதி 3 ஆம்பியர்தான். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் பின்னுக்குள் இ-மார்க்கர் என்று ஒரு குட்டிச் சிப் இருந்து, ‘நான் 5 ஆம்பியர் தாங்குவேன்’ என்று அடாப்டரிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடாப்டர் 3 ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். 20ஐ 3ஆல் பெருக்கினால் 60. ஆகவே சிப் இல்லாத கேபிளில் 65 என்று அச்சடித்திருந்தால் கடைசி 5 வாட் அச்சகத்தில் உற்பத்தியானது.

சிப் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது. கடையில் கட்டைவிரல் அளவில் ஒரு யூஎஸ்பி மீட்டர் கிடந்தது. அதை 65 வாட் அடாப்டரில் செருகி, கேபிளைப் போட்டு, சார்ஜ் இறங்கிக் கிடந்த லேப்டாப்பை மாட்டினோம். 20 வோல்ட் வந்தது. ஆம்பியர் 3-ஐத் தாண்டவே இல்லை. மைத்துனன் மீட்டரை இரண்டு தட்டு தட்டினான். அது நேர்மையான மீட்டர், அசையவில்லை. 5 ஆம்பியர், 100 வாட் என்று போட்ட இன்னொரு கேபிளை எடுத்து மாட்டியதும் 3.2 காட்டியது. வழக்கு முடிந்தது. எங்கள் கேபிள் 60 வாட் கேபிள்.

“5 வாட்தானே அத்தான், தள்ளுபடி பண்ணிருங்க” என்றான். அந்த 5 வாட்டால் லேப்டாப் முழுகிப்போகாது, உண்மைதான். ஆனால் 65-இல் இன்னொரு சங்கடம் இருந்தது. ஒன்பிளஸ், ஓப்போ போன்றவர்களின் சொந்த முறையிலும் 65 வாட் உண்டு. அது 10 வோல்ட், 6.5 ஆம்பியர். வாட் அதே 65, ஆனால் சம்பந்தமே இல்லாத 65. அதற்கு அவர்களுடைய அடாப்டர், அவர்களுடைய கேபிள், அவர்களுடைய போன் என மூன்றும் சேர வேண்டும். எங்கள் கேபிளில் போட்டால் ஏறும். போன் திரையில் அந்த வேக அடையாளம் மட்டும் வராது. திருப்பி அனுப்பியவர்களில் பாதிப் பேர் இந்த வகை.

மீதிப் பாதிப் பேரின் கதை வேறு. அவர்களுடைய போனே 25 வாட் போன். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி பெரியது என்பதற்காக யாரும் கூடுதலாகச் சாப்பிடுவதில்லை. அடாப்டர் வாளி, இலையில் உட்கார்ந்திருப்பது போன். ‘இன்னின்ன வோல்ட், இவ்வளவு ஆம்பியர் இருக்கிறது’ என்று வாளிக்காரர் சொல்ல, தனக்கு வேண்டியதைப் போன் கேட்டு வாங்கும். வயிறு 25 வாட் என்றால் 100 வாட் அடாப்டரும் 25-தான் பரிமாறும். அதனால் பெரிய அடாப்டரில் போன் வெடித்துவிடும் என்ற பயமும் வேண்டாம், பறந்துவிடும் என்ற ஆசையும் வேண்டாம்.

அந்த 25-ம் கடைசிவரை நிலைக்காது. முதல் சோற்றில் இருக்கும் வேகம் மோருக்கு இருப்பதில்லை. ஒரு 25 வாட் போனை மாட்டி மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஆரம்பத்தில் 23, 24 வாட். பாதி தாண்டியதும் மெல்ல இறங்க ஆரம்பித்தது. 80 சதவீதத்துக்கு மேல் ஒற்றை இலக்கம். இது கோளாறில்லை. லித்தியம் பேட்டரி தன் உச்ச வோல்ட்டை நெருங்கியதும் மின்னோட்டத்தைக் குறைத்துத்தான் நிரப்ப வேண்டும். சூடு ஏறினாலும் போன் குறைத்துக்கொள்ளும். சித்திரை மாத மத்தியானம், தடித்த ரப்பர் கவர், தலையணைக்கு அடியில் வைத்துப் படம் பார்ப்பது என்று மூன்றும் சேர்ந்தால் எந்தக் கேபிளும் உங்களைக் காப்பாற்றாது.

ஒரு வாடிக்கையாளர் கணக்கே போட்டு அனுப்பியிருந்தார். 5000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி என்பது சுமார் 19 வாட்-மணி; அதை 65-ஆல் வகுத்தால் 18 நிமிடம்; தனக்கோ ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, விளக்கம் தேவை. கையெழுத்துக்குக் கீழே ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் என்றிருந்தது. கணக்கில் ஒரு பிழையும் இல்லை. வாளியை வைத்து வயிற்றைக் கணக்குப் போட்டதுதான் சிக்கல்.

நிறைய அடித்தல் திருத்தலுக்குப் பிறகு விவரம் இப்படி வந்தது:

‘டைப்-சி முதல் டைப்-சி வரை. பின்னோடு சேர்த்து ஏறத்தாழ 1.9 மீட்டர். அதிகபட்சம் 3 ஆம்பியர், 60 வாட். அடாப்டர் இதனுடன் வராது. உங்கள் போன் 25 வாட் வாங்கக்கூடியது என்றால் 25 வாட்தான் ஏறும். 80 சதவீதத்துக்கு மேல் வேகம் குறையும். போன் நிறுவனத்தின் சொந்த அதிவேக முறை இதில் வேலை செய்யாது; சாதாரண வேகத்தில் ஏறும்.’

மைத்துனன் இரண்டு தடவை படித்தான். “இது விளம்பரம் மாதிரி இல்லையே, வாக்குமூலம் மாதிரில்ல இருக்கு” என்றான். இருந்தாலும் போட்டான். தலைப்பில் மட்டும் எனக்குத் தெரியாமல் ‘ஃபாஸ்ட்’ என்று ஒரு வார்த்தையைச் செருகிவிட்டான். 60 வாட் என்று கீழேயே இருப்பதால் நானும் விட்டுவிட்டேன். முன்பைவிடக் குறைவாகத்தான் விற்கிறது. திரும்பி வருவது அநேகமாக நின்றுவிட்டது.

நீங்கள் கேபிள் வாங்கப் போனால் வாட்டைக் கேட்காதீர்கள். எத்தனை ஆம்பியர், மறுமுனை என்ன என்று கேளுங்கள். “சூப்பர் ஃபாஸ்ட் சார்” என்பதைத் தவிர கடைக்காரரிடம் வேறு பதில் இல்லையென்றால் 1 மீட்டர் கேபிளாக வாங்குங்கள். வழியில் தொலைகிற வோல்ட்டாவது பாதியாகும்.